பெங்களூருக்கு ஒரு காலிக் கவர்

பெங்களூர் கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் இறங்கியதும் எனக்குக் கிடைத்த முதல் வரவேற்பு ஒரு தும்மல். என்னுடைய தும்மல்தான். மார்கழிக் காலை. போர்ட்டர் முதல் ஸ்டேஷன் மாஸ்டர் வரை எல்லாரும் கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தார்கள். இருபது வருஷமாக ஈப்போ பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் வேர்த்துக்கொண்டே வாழ்ந்தவன் நான். என்னிடம் இருந்ததோ அரைக்கை சட்டை. ஜட்காக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சிலோனா சார்?"

"மலாயா."

"அதான். ஸ்வெட்டர் இல்லாம வந்துட்டீங்களே. ஏறுங்க, ஏறுங்க. குதிரைக்கே கம்பளி போத்தியிருக்கேன் பாருங்க."

உண்மையாகவே குதிரை முதுகில் கம்பளி கிடந்தது. அன்றைக்கு அந்தக் குதிரையைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன்.

அல்சூருக்குப் போகச் சொல்லியிருந்தால் கால் மணி நேரத்தில் என் தங்கை வீட்டு வாசலில் இறக்கியிருப்பார். நான் சிவாஜி நகரில் ஒரு லாட்ஜுக்கு விடச் சொன்னேன். இத்தனை கடல் தாண்டி வந்தவனுக்குக் கடைசி இரண்டு மைல் தாண்ட முடியவில்லை. காரணம் என் சட்டைப் பையில் இருந்தது. இரண்டு கடிதங்கள். ஒன்று ஒன்பது வருஷப் பழசு, ஒன்று புதுசு. இரண்டையும் எழுதியவள் என் தங்கை கனகம்மாள்.

பழைய கடிதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கனகு பெங்களூரில் வாழ்க்கைப்பட்டவள். கைக்குழந்தையோடு இருக்கும்போது புருஷன் தவறிவிட்டார். நான் மலாயாவில் கிராணி, அதாவது எஸ்டேட் குமாஸ்தா. தகப்பனார் இல்லாத குடும்பத்துக்கு மூத்தவன். உடனே கிளம்பி ஈப்போவுக்கு வா என்று எழுதினேன். அவள் வரவில்லை. டெலிபோன் கருவி செய்யும் தொழிற்சாலையில் பெண்களை எடுக்கிறார்கள், நான் சேர்ந்துவிட்டேன் என்று பதில் எழுதினாள். எங்கள் குடும்பத்தில் பெண்பிள்ளை ஃபாக்டரிக்குப் போனதில்லை. நான் மாதத்துக்கு இரண்டு கடிதம் வீதம் புத்தி சொன்னேன். நாலு பேர் என்ன சொல்வார்கள், குழந்தையை யார் பார்ப்பார்கள், எனக்கு என்ன மரியாதை என்று பக்கம் பக்கமாக எழுதினேன். எட்டு மாதம் பொறுத்துக்கொண்டாள். பிறகு அரைப் பக்கத்தில் ஒரு கடிதம் வந்தது. அதன் கடைசி வரி இது:

"இனிமேல் எனக்குப் புத்தி சொல்லாதே. சாகு அண்ணா."

சாகு என்று எழுதியிருந்தாள். எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் குழாயடிச் சண்டையில் "சாவு" என்று திட்டுவார்கள். என் தங்கை ஐந்தாவது படித்தவள். அதையே இலக்கணமாக "சாகு" என்று எழுதிவிட்டாள் என்று நினைத்தேன். கூடவே "அண்ணா" என்று மரியாதை வேறு.

அதோடு எழுதுவதை நிறுத்தினேன். அதற்குப் பிறகு அவளிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. எஸ்டேட் தபால் பை என் மேசைக்குத்தான் வரும். இரண்டையும் பிரிக்காமல், மேலே சிவப்பு மையில் "வாங்க மறுப்பு" என்று ஆங்கிலத்தில் என் கையாலேயே எழுதித் திருப்பி அனுப்பினேன். அழகான கையெழுத்து என்று துரையே பாராட்டிய கையெழுத்து அது.

பிறகு ஒன்பது வருஷம் ஒன்றுமில்லை.

இந்த வருஷம் மழைக்காலத்தில் அந்தப் புதுக் கடிதம் வந்தது. கவரின் பின்புறம் அனுப்புநர் என்ற இடத்தில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள். மறைத்து எழுதி என்னை ஏமாற்றப் பார்க்கவில்லை. திருப்புவதானால் தெரிந்தே திருப்பு என்பதுபோல் இருந்தது. நானும் சிவப்பு மையைத் தேடினேன். அப்போதுதான் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. கவரின் நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்திருந்தாள். பெயருக்குக் கீழே பொடியாக ஒரு வரி: "யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பயப்படாமல் பிரி."

வெகுநாள் கழித்து வரும் கடிதம் என்றால் சாவுச் செய்தியோ என்றுதான் நினைக்கத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தப் பயம் எனக்கு வரும் என்று அங்கே உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டிருக்கிறாள். நான் பிரித்துவிட்டேன்.

சிவாஜி நகர் லாட்ஜில் முதல் நாள் முழுக்க அந்தக் கடிதத்தைத்தான் படித்தேன். அதற்கு முன்னால் ஐம்பது தடவை படித்தது போதாதென்று.

"அன்புள்ள அண்ணாவுக்கு, கனகு எழுதியது. இங்கே நானும் தமயந்தியும் நலம். நீயும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும்.

நீ ஏன் எழுதவில்லை என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும். பதில் சொல்ல ஆரம்பித்தால் நாம் இரண்டு பேரும் மறுபடி பழைய இடத்திலேயே போய் நிற்போம். என் பங்கை மட்டும் சொல்கிறேன். வேலைக்குப் போவேன் என்று நான் சொன்னது சரி. அதை இன்றைக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் அண்ணன் என்று பார்க்காமல் வெடுக்கென்று எழுதினேனே, அது தப்பு. அதற்கு மட்டும் என்னை மன்னித்துக்கொள்.

நீ பதில் எழுதியே ஆகவேண்டும் என்று இல்லை. உள்ளே என் விலாசம் எழுதிய கவர் ஒன்று வைத்திருக்கிறேன். எழுத வார்த்தை வரவில்லை என்றால் காலியாகவே ஒட்டிப் போட்டுவிடு. நான் புரிந்துகொள்கிறேன். அதுவும் முடியவில்லை என்றால் இந்தக் கடிதத்தை மட்டும் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொள்.

தமயந்திக்கு உன்னைத் தெரியும். நல்லதாகத்தான் சொல்லியிருக்கிறேன்."

இவ்வளவுதான். அழுகை இல்லை, குழந்தையைக் காட்டி இழுக்கவில்லை, பெரிய மனிதர் யாரையும் நடுவில் விடவில்லை. எந்த அளவுக்குத் தன் தப்போ அந்த அளவுக்கு மட்டும் குனிந்திருந்தாள், அதற்கு மேல் ஒரு அங்குலம் இல்லை. எனக்குக் கோபமும் வந்தது, என் தங்கை என்ற பெருமையும் வந்தது. எது முதலில் வந்தது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

மூன்று வாரம் அந்தக் காலிக் கவர் என் மேசை இழுப்பறையில் கிடந்தது. நாலைந்து தடவை எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் இரண்டாவது வரியிலேயே புத்திமதி ஆரம்பித்துவிட்டது. கடைசியில் ஸ்டாம்பு ஒட்டிக் காலியாகவே போட்டுவிட்டேன். எஸ்டேட் ஆபீசில் வெற்றுக் கவரை நாக்கால் நனைத்து ஒட்டிய ஒரே கிராணி நானாகத்தான் இருப்பேன்.

அவளிடமிருந்து உடனே ஒரு கார்டு வந்தது.

"உன் கவர் வந்தது. இரண்டு தடவை படித்தேன். எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் வீட்டில் தங்க வேண்டும் என்று இல்லை. ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போ. பழைய பேச்சு வேண்டாம். வேலை நாளில் சாயந்திரம் ஐந்தரைக்கு மேல் இருப்பேன்."

எஸ்டேட் விஷயமாக மதராஸ் வரை வரவேண்டி வந்தது. அங்கிருந்து பெங்களூர் ஒரு ராத்திரி. இந்த மாதம் வருவேன் என்று மட்டும் ஒரு வரி போட்டேன். பழைய பேச்சு வேண்டாம் என்று அவள் எழுதியிருந்தாலும், பழைய கடிதத்தையும் பையில் வைத்துக்கொண்டேன். சாப்பாடு முடிந்ததும் அதை அவள் முன்னால் போட்டு, "இந்த வார்த்தைக்கு என்ன சொல்கிறாய்?" என்று கேட்காமல் வரக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். கேட்டால் மறுபடி முறியலாம் என்றும் தெரியும். இந்தத் தடவை முறிந்தால் எனக்கு ஐம்பது, அவளுக்கு நாற்பது. இன்னொரு கவருக்கு ஆயுசு இருக்குமா என்று யாருக்குத் தெரியும்?

இரண்டாம் நாள் காலை, லாட்ஜுக்குக் கீழே இருந்த மிலிட்டரி ஹோட்டலில் இட்டிலியும் ஆட்டுக்கால் பாயாவும். ஈப்போவில் டின் பாலில் காப்பி குடித்துப் பழகியவனுக்கு இங்கே கிடைத்த காப்பி ஒரு அதிசயம். பசும்பாலில் போட்ட காப்பி, நுரை மீசையில் ஒட்டியது. இன்னொன்று கேட்டேன்.

பரிமாறியவர் தமிழும் தக்கினி உருதுவும் கலந்து பேசினார். "சார், பாயா இன்னும் வோணுமா, நக்கோவா?"

எனக்கு விளங்கவில்லை. நாக்கைச் சொல்கிறாரா, நக்குவதைச் சொல்கிறாரா? முறைத்தேன். பக்கத்து மேசையில் சிரித்தார்கள்.

"கோச்சுக்காதீங்க சார். நக்கோன்னா வேணாம்னு அர்த்தம். இங்க தண்டுல எல்லாரும் அப்படித்தான் பேசுவோம்."

கண்டோன்மெண்டைத்தான் இவர்கள் தண்டு என்கிறார்கள். நான் மரியாதையாக "நக்கோ" என்றேன். அவருக்கு அத்தனை சந்தோஷம். முறைத்ததற்கு வெட்கப்பட்டேன். என் சுபாவமே இதுதான், புரியாத வார்த்தை என்றால் முதலில் அவமானம் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

வெறுங்கையோடு தங்கை வீட்டுக்குப் போகக்கூடாது என்று சிட்டி மார்க்கெட் பக்கம் போய்க் கனகுக்கு ஒரு பட்டுப் புடவையும் தமயந்திக்கு ஒரு பாவாடைத் துணியும் வாங்கினேன். பதினொரு மணி. சாயந்திரம் வரை காத்திராமல் முன்னாலேயே போய் அல்சூர் ஏரியைச் சுற்றிப் பார்த்து வைக்கலாம் என்று பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.

பஸ் பலகைகள் எல்லாம் கன்னடத்தில். ஜிலேபி பிழிந்ததுபோல் அழகாக இருந்தன, ஒன்றும் படிக்க முடியவில்லை. ஒரு கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு "...சூர், ...சூர்" என்று கத்தினார். நான் ஓடிப்போய், "அல்சூர் போகுமா?" என்றேன். "பன்னி, பன்னி!" என்றார். காலையில் "நக்கோ"வில் பட்ட அனுபவத்தால் இதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் வாருங்கள் என்கிறார் என்று கைசாடையிலேயே தெரிந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இரவு முழுக்கத் தூங்காத அசதி, கண் அசந்துவிட்டது.

விழித்தபோது இரண்டு பக்கமும் கேழ்வரகு வயல்.

அல்சூர் கண்டோன்மெண்டிலேயே பழைய பேட்டை என்று கனகு எழுதியிருந்தாளே, இங்கே எங்கே வயல்? கண்டக்டரைக் கூப்பிட்டேன்.

"அல்சூரா? இது ஆனேக்கல் வழியா ஹொசூர் போற வண்டி சாமி! நீங்க ஹொசூர்னுதானே சொன்னீங்க?"

நான் அல்சூர் என்றேன், அவர் ஹொசூர் என்று கேட்டார். அவர் ஹொசூர் என்று கத்தினார், நான் அல்சூர் என்று கேட்டேன். இரண்டு பேர் மேலும் தப்பில்லை. "ஹலசூருன்னு சொல்லணும் சாமி, கன்னடத்துல அப்படித்தான்" என்று அவர் எனக்குப் பாடம் எடுத்தார். வண்டியில் இருந்த கோழிகள் உட்பட எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனேக்கல்லில் இறங்கிக்கொள்ளுங்கள், சாப்பிட்டு முடிப்பதற்குள் திரும்பும் வண்டி வந்துவிடும் என்றார்.

ஆனேக்கல் சின்ன ஊர். கடைத்தெருவில் பத்தடி நடப்பதற்குள் மூன்று பாஷை காதில் விழுந்தது. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு ஹோட்டல். ஓட்டுக் கூரை, நீளப் பெஞ்சு. இலையில் பந்து பந்தாக ராகிக் களி வைத்தார்கள். இங்கே அதற்கு முத்தே என்று பெயர். மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று பக்கத்து இலைக்காரர் சொல்லிக்கொடுத்தார். அவர் பட்டுத் தறிக்காரர், வீட்டில் தமிழ், தறியில் தெலுங்கு, கடையில் கன்னடம் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டார். எஸ்டேட்டில் நான் தினமும் சாப்பிடுவது பர்மா அரிசிச் சோறு. இந்த முத்தேயை ஒன்று உள்ளே தள்ளியதும் கோட்டு இல்லாமலே குளிர் விட்டுப்போனது.

பரிமாறுகிறவர் கீரைச் சாற்று வாளியோடு வந்தார். தறிக்காரரின் இலையில் ஊற்றினார், ஊற்றினார், ஊற்றிக்கொண்டே இருந்தார். தறிக்காரர் இரண்டு கையையும் இலைக்கு மேல் குறுக்கே நீட்டினார்.

"சாக்கு, சாக்கு! சாக்கண்ணா!"

என் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"என்ன சொன்னீங்க?"

"நானா? அவர்கிட்ட சொன்னேன்."

"சாக்குன்னா? கோணியா?"

"கோணி இல்லீங்க," என்று சிரித்தார். "கன்னடத்துல சாக்குன்னா போதும்னு அர்த்தம். போதும்ண்ணா, ஊத்தாதேன்னு சொன்னேன்."

"அதைத் தமிழ்ல எழுதினா எப்படி எழுதுவீங்க?"

இந்த மலாயாக்காரனுக்குக் கிறுக்கோ என்று அவர் ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். ஆனாலும் நல்ல மனிதர். சாப்பிடாத கையின் விரலால் மேசையில் எழுதிப் பார்த்தார்.

"சா... க்கு. இல்லே, க் போட்டா அது நம்ம கோணி ஆயிடும். கன்னடத்துல ஒரே க தான். அப்படின்னா சா... கு. சாகு." தலையைத் தூக்கினார். "ஐயையோ! அது நல்லா இல்லீங்களே. செத்துப்போன்னு ஆயிடுதே!"

நான் கையைக்கூடக் கழுவாமல், இடது கையால் சட்டைப் பையிலிருந்து பழைய கடிதத்தை எடுத்தேன். இனிமேல் எனக்குப் புத்தி சொல்லாதே. போதும் அண்ணா.

ஒரு க் இல்லாத குறைக்கு ஒன்பது வருஷம். ஃபாக்டரியில் கூட வேலை செய்யும் பெண்களோடு நாள் முழுக்கக் கன்னடம் பேசிவிட்டு, அசதியோடு வந்து எழுதிய கடிதத்தில், தனக்கே தெரியாமல் ஒரு கன்னட வார்த்தையைப் போட்டுவிட்டிருக்கிறாள். நான் சிரிக்க ஆரம்பித்தேன். சிரிப்பு எங்கேயோ திரும்பிவிட்டது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். பரிமாறுகிறவர் பயந்துபோய், "காரா ஜாஸ்தியா?" என்று கேட்டு வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் நான் தூங்கவில்லை. மனசுக்குள் ஒத்திகை. இனிமேல் கேட்க ஒன்றுமில்லை, சொல்லத்தான் இருக்கிறது. பாவம், அவளுக்கு இது தெரியவே தெரியாது. நான்தான் கண்டுபிடித்துக்கொண்டு போகிறேன். தடுக்கி விழுந்தவன் புதையலைக் கண்டெடுத்ததுபோல் எனக்கு ஒரே மிதப்பு. மார்க்கெட்டில் வண்டி மாறும்போது "ஹலசூரு" என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

அல்சூர் கடைத்தெரு முனையில் இறங்கியபோது ஐந்தரை ஆகிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஒரு பெரிய பஸ் வந்து நின்றது. தொழிற்சாலை வண்டி. அதிலிருந்து பெண்கள் இறங்கினார்கள். எல்லார் கையிலும் டிபன் கேரியர், மார்பில் பெயர் எழுதிய வில்லை. தெருவை அடைத்துக்கொண்டு சத்தமாகச் சிரித்துப் பேசினார்கள். கடைக்காரர்கள் யாரும் அவர்களை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று நான் பக்கம் பக்கமாக எழுதிய அந்த நாலு பேர் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக இறங்கினவளைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள். ஒருத்தி கன்னடத்தில் ஏதோ கேட்டாள், கன்னடத்திலேயே பதில் சொன்னாள். ஒருத்திக்குத் தெலுங்கில். இன்னொருத்தியிடம் தமிழில், "நாளைக்கு அந்தக் கம்பிக் காயிலை நீயே சுத்து. என்னைப் பாத்துக்கினு நிக்காதே, உனக்கு வரும்" என்றாள்.

"சரிக்கா. வரோம்க்கா."

நெற்றியோரம் நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தாள். ஆனால் நிற்கும் நிலை அதேதான், இடுப்பில் ஒரு கை. நான் பேச வாயெடுப்பதற்குள் அவள் பார்த்துவிட்டாள். கிட்டே வந்தாள்.

"வந்துட்டியாணா?"

கடைக்குப் போய்விட்டு வந்தவனைக் கேட்பதுபோல் கேட்டாள். என் ஒத்திகை எல்லாம் பறந்துவிட்டது.

"பஸ் மாறி ஆனேக்கல் போயிட்டேன்."

"அதான் சட்டையில களி ஒட்டிக்கினு கீது," என்று முந்தானையால் துடைத்துவிட்டாள். டிபன் கேரியரை நான் வாங்கிக்கொண்டேன். வீடு வருவதற்குள் அவள் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினாள். நான் குளிர் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு அறை வீடு. தமயந்தி பள்ளிக்கூடப் பாடத்தைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வாங்க மாமா" என்று எழுந்து நின்றாள். வருஷமெல்லாம் வந்துபோகிற மாமாவைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாள். சுவரில் ஒரு போட்டோ மாட்டியிருந்தது. வரிசையாகப் பெண்கள், நடு நாற்காலியில் கனகு.

"அம்மாதான் கம்பி சுத்தற பிரிவுக்கு சூப்பர்வைசர்," என்றாள் தமயந்தி. "அம்மா பாத்து சரின்னு சொன்னாத்தான் டெலிபோன் வெளியில போகும்."

எங்கள் எஸ்டேட் ஆபீசில் நாள் முழுக்க என் காதில் கிடக்கும் டெலிபோனை நினைத்துக்கொண்டேன். இனி அதைத் தொடும்போதெல்லாம் எனக்குத் திமிர்தான் வரும்.

புடவையையும் பாவாடைத் துணியையும் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுக்கு முன்னாலேயே நான் பழைய கடிதத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். ஆனேக்கல் கதையை ஆரம்பித்தேன். முத்தே, கீரைச் சாறு, தறிக்காரர், சாக்கு, சாகு எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். தமயந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கனகு சிரிக்கவில்லை. முழுசாகக் கேட்டாள். எழுந்து போய் அலமாரியிலிருந்து இரண்டு கவர்களைக் கொண்டுவந்தாள். மேலே சிவப்பு மையில் என் அழகான கையெழுத்து.

"இதைப் பிரிணா," என்று ஒன்றை நீட்டினாள்.

பிரித்தேன். பழைய கடிதத்துக்குப் பத்து நாள் கழித்து எழுதியது.

"அண்ணா, போன கடிதத்தில் சாகு என்று எழுதிவிட்டேன் போலிருக்கிறது. கூட வேலை செய்கிறவளிடம் எழுதினதைச் சொல்லும்போதுதான் புத்தியில் பட்டது. அது இங்கே போதும் என்று சொல்லும் வார்த்தை. நாள் முழுக்க அதே பேச்சு, கை தவறி வந்துவிட்டது. நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே."

ஒன்பது வருஷமும் பதில் இந்த அலமாரியில் இருந்திருக்கிறது. நான்தான் அதன்மேல் சிவப்பு மையால் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

"அப்ப உனக்குத் தெரியுமா?" குரல் எனக்கே கேட்கவில்லை. "இந்த வருஷம் எழுதின கடிதாசில ஏன் சொல்லலே?"

"சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா? ஒரு க்குக்காக இத்தனை வருஷமான்னு உனக்கே வெக்கமாயிருக்கும். வெக்கப்பட்டா நீ வர்ற ஆளா? அதான் உன் பக்கத்தை விட்டுட்டு என் பக்கத்தை மட்டும் எழுதினேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அதுவும் இல்லாம, அந்த வார்த்தை மட்டும்தானாணா காரணம்? அது இல்லேன்னா வேற ஒரு சாக்கு கண்டுபிடிச்சிருப்பே."

தமிழ்ச் சாக்கைத்தான் சொன்னாள், க் போட்டு.

உண்மை. வார்த்தையில் சறுக்கியது அவள். ஆனால் நான் பிடித்துக்கொண்டு நின்றது வார்த்தையை அல்ல. என் பேச்சை மீறி ஒருத்தி பிழைத்துக் காட்டினாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இதை ஆனேக்கல் ஹோட்டலில் யாரும் எனக்குச் சொல்லித்தர முடியாது.

அவள் கடிதத்தில் எப்படி எழுதியிருந்தாளோ அதே மாதிரி சொல்லப் பார்த்தேன். "என் பங்கைச் சொல்லிடறேன் கனகு. உன்னை வேலைக்குப் போகாதேன்னு சொன்ன விதம் மட்டும் இல்லே, சொன்னதே தப்பு. கடுதாசியைத் திருப்பினது அதைவிடத் தப்பு." அழுதேன். மகள் வயசுப் பெண் பார்க்கிறாளே என்றுகூடத் தோன்றவில்லை.

"சரி சரி, எந்திரி. சோறு ஆறுது," என்றாள் கனகு. அவள் குரலும் சரியாக இல்லை.

சோறும் கத்திரிக்காய்க் குழம்பும். கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டே, பழக்க தோஷத்தில், "சாக்காணா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "எங்க அண்ணன். மலாயாலேருந்து வந்திருக்காரு," என்றாள் அவரிடம். அதில் இருந்த பெருமைக்கு நான் எந்த வகையிலும் தகுதியில்லாதவன். ஆனாலும் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

லாட்ஜைக் காலி செய்துவிட்டு அங்கேயே நான்கு நாள் இருந்தேன். தினமும் காலையில் தொழிற்சாலை பஸ் வரை அவள் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு போனேன். வண்டியிலிருந்த பெண்களுக்கெல்லாம் நான் "அக்காவோட அண்ணா."

புறப்படும் நாளில் ஸ்டேஷனில் இரண்டாவது கவரை என் கையில் கொடுத்தாள். இன்னும் பிரிக்காதது.

"இதுல என்ன எழுதினேன்னு எனக்கே மறந்துபோச்சு. திட்டுதான் இருக்கும். ஊருக்குப் போய்ப் படி. படிச்சிட்டு பதில் போடு." வண்டி நகர்ந்தது. அவள் கூடவே நாலடி நடந்தாள். "இந்தத் தடவை காலிக் கவர் நக்கோ!"

திட்டுதான் இருந்தது. மூன்று பக்கம், ஒவ்வொரு வரியும் நியாயம். பதினொரு பக்கம் பதில் எழுதி நேற்றுத் தபாலில் சேர்த்தேன். அதில் புத்திமதி ஒன்றுகூட இல்லை.